9.55 என்ற தடயம்

கிணற்றடி பம்பு செட்டில் பொருத்தியிருக்கும் 5 ஹெச்.பி. மோட்டாரின் நேம் பிளேட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: 3.7 கிலோவாட், 1440 ஆர்.பி.எம். இந்த மோட்டாரின் ஷாஃப்ட் முழு லோடில் எவ்வளவு டார்க் தருகிறது? டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இதுதான். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். பவரை கோணத் திசைவேகத்தால் வகுத்தால் டார்க்.

T = P / ω

ஆனால் விடைகள் மூன்று விதமாக வரும். சிலருக்கு 24.5 நியூட்டன் மீட்டர், சிலருக்கு 2.57, இன்னும் சிலருக்கு 154. மூன்று பேரும் அலகைச் சரிபார்த்துவிட்டுத்தான் நோட்டை நீட்டுவார்கள். வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். அதை "நொடிக்கு இத்தனை" என்ற அலகால் வகுத்தால் ஜூல் மிஞ்சும், ஜூல் என்பது நியூட்டன் மீட்டர். எல்லாம் சரிதானே என்பார்கள். பரிமாணச் சோதனையில் மூன்று விடையும் தேறிவிடுகின்றன என்பது உண்மை. சுழற்சிக் கணக்குகளின் தொல்லையே அங்கேதான் இருக்கிறது.

மீட்டருக்குப் பதில் அடியைப் போட்டால் அலகு காட்டிக்கொடுக்கும். கிலோகிராமை விட்டுவிட்டால் பரிமாணம் இடிக்கும். ரேடியன் மட்டும் சத்தமே இல்லாமல் மறைந்துபோகும். வட்டத்தில் ஒரு வில்லின் நீளத்தை அதன் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது ரேடியன்; மீட்டரை மீட்டரால் வகுப்பதால் அலகே இல்லாத வெறும் எண். இந்தப் பெயர் முதலில் அச்சில் வந்ததே ஒரு தேர்வுத் தாளில்தான். 1873இல் பெல்ஃபாஸ்டில் இருந்த குயின்ஸ் கல்லூரியில், கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் கேட்ட கேள்விகளில் அது இருந்தது. பன்னாட்டு அலகு முறையிலும் அதற்கு எந்த இடம் தருவது என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. 1960இல் "துணை அலகு" என்று தனி வகுப்பில் வைத்தார்கள். 1995இல் அந்த வகுப்பையே எடுத்துவிட்டு, பரிமாணமற்ற வழி அலகு என்று முடிவு செய்தார்கள். சுற்று, ரேடியன், டிகிரி மூன்றுக்கும் பரிமாணம் கிடையாது. ஆகவே நிமிடத்துக்குச் சுற்று, நொடிக்குச் சுற்று, நொடிக்கு ரேடியன் எல்லாமே "நேரத்தின் தலைகீழ்" என்ற ஒரே முகத்தோடு வந்து நிற்கும். பரிமாணத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிறகு எதை வைத்துப் பிழையைப் பிடிப்பது? எண்ணின் அளவை வைத்துத்தான். அதற்கு முதலில் மாற்றத்தை மனதிலேயே போடப் பழக வேண்டும்.

ஒரு சுற்றுக்கு 2π ரேடியன், ஒரு நிமிடத்துக்கு 60 நொடி. ஆகவே

ω = 2πN / 60 = 0.1047 × N

0.1047 என்பது பத்தில் ஒன்றைவிட ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூட. எனவே ஆர்.பி.எம்.மைப் பத்தால் வகுத்து, ஐந்து சதவீதம் சேர்த்தால் போதும். 1440ஐப் பத்தால் வகுத்தால் 144. அதில் ஐந்து சதவீதம் 7 சொச்சம். கூட்டினால் 151. கால்குலேட்டர் 150.8 என்கிறது. 3000 ஆர்.பி.எம். என்றால் 314, 1500 என்றால் 157. இந்த இரண்டையும் எழுதி வைக்கக்கூட வேண்டாம், பையின் இலக்கங்களும் அதில் பாதியும்தான் அவை. ரேடியன் கணக்கில் வரும் எண் ஆர்.பி.எம்.மில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை என்றால் மேலே ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது.

இப்போது அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். 3700ஐ 150.8ஆல் வகுத்தால் 24.5 நியூட்டன் மீட்டர். இதுதான் சரி. ஒரு மீட்டர் நீளக் கம்பியை ஷாஃப்ட்டில் படுக்கைவாக்கில் பொருத்தி, அதன் நுனியில் இரண்டரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு இது. 2.57 எங்கிருந்து வந்தது? 3700ஐ 1440ஆல் அப்படியே வகுத்ததில். 154 எப்படி வந்தது? 1440ஐ 60ஆல் வகுத்து நொடிக்கு 24 சுற்று என்று ஆக்கிவிட்டு, 2πயை மறந்ததில்.

தவறான விடையையும் சரியான விடையையும் வகுத்துப் பாருங்கள். 24.5ஐ 2.57ஆல் வகுத்தால் 9.55. அது 60/2π. 154ஐ 24.5ஆல் வகுத்தால் 6.28. அது 2π. சுழற்சிக் கணக்கில் ஒவ்வொரு வழுக்கலும் தன் கைரேகையை இப்படி விட்டுவிட்டுத்தான் போகிறது. விடைப் புத்தகத்தோடு ஒத்துப்போகாதபோது கணக்கை முதலிலிருந்து திரும்பப் போடும் பிள்ளைகளை நான் தடுத்துவிடுவேன். இரண்டு விடைகளின் விகிதத்தை முதலில் எடு என்பேன். 9.55 வந்தால் மாற்றமே நடக்கவில்லை, அல்லது இரண்டு முறை நடந்திருக்கிறது. 6.28 வந்தால் சுற்று ரேடியனாகவில்லை. 60 வந்தால் நிமிடம் நொடியாகவில்லை. 2 வந்தால் ஆரத்தின் இடத்தில் விட்டம் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு முறை மாற்றுவது எப்படி என்று சிலர் கேட்பார்கள். நம் பாடப் புத்தகங்களில் பவர் சூத்திரம் P = 2πNT/60 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் மாற்றம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கவனமான பிள்ளை முதல் வரியிலேயே N = 150.8 என்று மாற்றி எழுதிவிட்டு, அதை இந்தச் சூத்திரத்திலும் போடுவான். விடை 234 நியூட்டன் மீட்டர். மறுபடியும் 9.55 மடங்கு, இந்த முறை மேல்நோக்கி. மாற்றத்தை மறந்தவனின் டார்க் குறையும், இருமுறை செய்தவனின் டார்க் கூடும். திசையைப் பார்த்தே எது நடந்தது என்று சொல்லிவிடலாம். இதற்காகவே N என்ற எழுத்தை ஆர்.பி.எம்.முக்கு மட்டும், ω என்ற எழுத்தை ரேடியன்/நொடிக்கு மட்டும் வைக்கச் சொல்கிறேன். மாற்றிய எண்ணுக்குப் பழைய எழுத்தைக் கொடுப்பதுதான் இந்தப் பிழையின் வேர்.

இந்தக் கைரேகை முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2.57 என்ற விடையோடு வந்த மாணவன் ஒருவன், தவறு என்று சொன்னதும் விடவில்லை. பட்டறையில் வேலையும் பார்ப்பவன். "சார், எங்க டார்க் ரெஞ்ச்ல கிலோகிராம் மீட்டர்தான் போட்டிருக்கு. அந்தக் கணக்குல இந்த மோட்டாருக்கு ரெண்டரைதானே சார் வரும்? எனக்கும் அதுதானே வந்திருக்கு?" என்றான்.

நல்ல கேள்வி அது. 24.5 நியூட்டன் மீட்டரை 9.81ஆல் வகுத்தால் 2.50 கிலோகிராம்-விசை மீட்டர். அவனுக்கு வந்தது 2.57. மூன்று சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆர்.பி.எம்.மை மாற்றாமல் விட்டால் விடை 9.55 மடங்கு சிறுக்கும். நியூட்டனிலிருந்து கிலோகிராம்-விசைக்கு மாறினால் 9.81 மடங்கு சிறுக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஒன்று வட்டத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு, மற்றது பூமியின் ஈர்ப்பு. ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது, எண்ணளவில் நேர்ந்த தற்செயல் மட்டுமே. ஆனால் பழைய பைக் மேனுவல்களிலும் டார்க் ரெஞ்சுகளிலும் கிலோகிராம்-விசை மீட்டர் இன்னமும் உயிரோடு இருப்பதால், வாட்டை ஆர்.பி.எம்.மால் நேரே வகுத்தவருக்கு விடை சரியாக வந்ததுபோலவே தோன்றும். 2πNT/4500 என்ற பழைய குதிரைத்திறன் சூத்திரத்தைக் கற்றவர்களுக்கு இன்னும் குழப்பம். அந்த 4500 என்பது நொடிக்கு 75 கிலோகிராம்-விசை மீட்டர் என்ற மெட்ரிக் குதிரைத்திறனை 60ஆல் பெருக்கியது. அதில் டார்க்கை நியூட்டன் மீட்டரில் போட்டால் 9.81 மடங்கு பிசகும், பார்ப்பவர் அதை 9.55 என்று நினைத்து ரேடியனில் போய்ப் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே விகிதம் ஒன்பது சொச்சம் என்று வந்தால் அத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்று இலக்கம் வரை எடுங்கள். 9.55 என்றால் வேகத்தில் பிழை, 9.81 என்றால் விசையில் பிழை. அதற்காகத்தான் நடுவில் எண்களைச் சுருக்கி எழுதாதீர்கள் என்று சொல்வது. 150.8ஐ 150 என்று எழுதி, 24.5ஐ 25 என்று ஆக்கிவிட்டால் இந்த இரண்டு தடயங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அந்த மாணவனிடம் நான் சொன்னது: டார்க்கில் உனக்குத் தற்செயல் கைகொடுத்துவிட்டது, ω இருமடியாகும் இடத்தில் கைகொடுக்காது. அதைக் காட்ட அவன் கையிலிருக்கும் பொருளையே எடுத்துக்கொண்டேன், ஆங்கிள் கிரைண்டரின் டிஸ்க்.

100 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்கின் முகத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். வழக்கமான டிஸ்க்கில் 80 m/s என்றும், பக்கத்தில் 15,300 rpm அல்லது அதை ஒட்டிய எண்ணும் இருக்கும். ஒன்று விளிம்பின் வேகம், மற்றது அந்த வேகத்தைத் தரும் அதிகபட்ச ஆர்.பி.எம். அதாவது மாற்றத்தின் இரண்டு முனைகளும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கின்றன. 15,300ஐ 0.1047ஆல் பெருக்கினால் 1602 ரேடியன்/நொடி. ஆரம் 0.05 மீட்டர். பெருக்கினால் 80.1 மீட்டர்/நொடி. பொருந்துகிறது. விட்டத்தைப் போட்டவருக்கு 160 வரும். ஆர்.பி.எம்.மை அப்படியே போட்டவருக்கு 765 மீட்டர்/நொடி, அதாவது காற்றில் ஒலி போகும் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். விளிம்பு அந்த வேகத்தில் போவதற்கு முன்பே ரெசின் பிணைத்த டிஸ்க் சிதறிவிடும். சூத்திரம் சரியாக மனதில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், புத்தகத்தைத் தேட வேண்டாம், டிஸ்க்கை எடுத்து இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று தருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

இப்போது இருமடி. 11,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் கிரைண்டரில் அதே டிஸ்க். ω = 1152. விளிம்பில் மையநோக்கு முடுக்கம் rω², அதாவது 0.05 × 1152², சுமார் 66,300 மீட்டர்/நொடி². புவியீர்ப்பைப்போல் 6,700 மடங்குக்கும் மேல். விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் துணுக்கைப் பிடித்து வைக்கவே 66 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய ஏழு கிலோ எடையைத் தூக்கும் விசை, ஒரு கிராமுக்கு. இதே கணக்கில் ஆர்.பி.எம்.மை அப்படியே போட்டால் 60 லட்சம் என்று வரும். விகிதம் 91. அது 9.55இன் இருமடி. நொடிக்கு 183 சுற்று என்று போட்டு 2πயை மறந்தால் 1,680தான் வரும். விகிதம் 39.5. அது 2πயின் இருமடி. சுழலும் சக்கரத்தின் இயக்க ஆற்றல் ½Iω² என்பதிலும் இதே இரண்டு எண்கள்தான் தடயம். டார்க்கில் 2.57ஐக் கிலோகிராமில் சொல்லித் தப்பித்துவிடலாம், ஃபிளைவீலின் ஆற்றலில் 91 மடங்குப் பிழைக்கு எந்தப் பழைய அலகும் துணைக்கு வராது.

இரண்டில் ஆபத்தானது எது என்று கேட்டால், 1,680 என்று வரும் விடையைத்தான் சொல்வேன். 60 லட்சம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். 1,680 பார்ப்பதற்கு அடக்கமாக இருக்கும், அதை நம்பி ஒருவர் விசையை நாற்பதில் ஒரு பங்காக எண்ணிவிடுவார். பட்டறைகளில் கார்டைக் கழற்றிவிட்டு 100 மில்லிமீட்டர் மெஷினில் 180 மில்லிமீட்டர் டிஸ்க்கை மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதே 1152 ரேடியன்/நொடி, ஆரம் மட்டும் 0.09 மீட்டர். விளிம்பு வேகம் 104 மீட்டர்/நொடி. டிஸ்க் தாங்குவதாக எழுதியிருப்பது 80. டிஸ்க்குக்குள் வரும் இழுவிசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், வரம்பில் இருக்க வேண்டியதைவிட 1.7 மடங்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 180 டிஸ்க்கில் 8,500ஐ ஒட்டிய எண் அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான்.

எப்போதுமே ரேடியனுக்கு மாற்றியாக வேண்டுமா? இல்லை. பெஞ்ச் கிரைண்டர் ஒன்று 2880 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. சுவிட்சை அணைத்தால் 40 நொடியில் சீராக நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்குள் எத்தனை சுற்று? சராசரி 1440 ஆர்.பி.எம்., நேரம் மூன்றில் இரண்டு நிமிடம், பெருக்கினால் 960 சுற்று. ரேடியனே தேவைப்படவில்லை. ரேடியனில் போட்டாலும் அங்கேதான் வர வேண்டும்: ω = 301.6, சராசரி 150.8, 40 நொடிக்கு 6,032 ரேடியன். இங்கே நிறுத்திவிட்டு "6,032 சுற்று" என்று எழுதுபவர்கள் ஏராளம். 2πயால் வகுத்தால்தான் 960. உள்ளே நுழையும்போது மாற்றியவர்கள் வெளியே வரும்போது திரும்ப மாற்ற மறப்பது, நுழையும்போது மறப்பதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

கோணத்தை நேரத்தோடு மட்டும் ஒப்பிடும் வரை எந்த அலகானாலும் சரி. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அலகாக இருந்தால் போதும். கோணம் ஒரு நீளத்தைச் சந்திக்கும் இடத்தில்தான் ரேடியன் கட்டாயமாகிறது. வில்லின் நீளம் ஆரமும் கோணமும் பெருக்கியது என்பது ரேடியனில் மட்டுமே உண்மை, ஏனென்றால் ரேடியனின் வரையறையே அதுதான். v = rω அதிலிருந்து பிறந்தது. rω², ½Iω², P = Tω எல்லாம் அதற்குப் பிறகு பிறந்தவை. ஆரமோ, விசையோ, நிறையோ உள்ளே வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்துவிட்டால் ரேடியன்.

கைரேகையே விடாமல் போகும் பிழை ஒன்று உண்டு, அது கால்குலேட்டரின் டிகிரி மோடு. 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சின், ஸ்ட்ரோக் 80 மில்லிமீட்டர், ஆகவே கிராங்க்கின் ஆரம் 40. பிஸ்டன் உச்சியில் இருந்து கிளம்பி 2 மில்லிநொடி ஆகிறது. கனெக்டிங் ராடின் சாய்வை விட்டுவிட்டால், எவ்வளவு இறங்கியிருக்கும்? ω = 314.16, கோணம் 0.6283 ரேடியன், அதாவது 36 டிகிரி. 40 × (1 − cos 36°) என்றால் 7.6 மில்லிமீட்டர். கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கும்போது 0.6283 என்று தட்டினால் அது 0.6283 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். விடை 0.0024 மில்லிமீட்டர். விகிதம் மூவாயிரத்துச் சொச்சம். வேறொரு நேரத்துக்குப் போட்டால் விகிதமும் வேறாகும், ஏனென்றால் கொசைன் நேர்கோடு அல்ல. 9.55, 6.28 போன்ற நிலையான தடயம் இங்கே கிடைக்காது. பிஸ்டன் அசையவே இல்லையே என்ற உறுத்தல்தான் ஒரே அடையாளம். எக்செல்லில் இது தலைகீழாக நடக்கும். அங்கே COS எப்போதும் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். 36 என்று கொடுத்தால் 36 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 0.128 என்கும். கோணம் டிகிரியில் இருந்தால் இப்படி எழுத வேண்டும்:

```
=40*(1-COS(RADIANS(36)))
```

கடைசியாக, மோட்டார் டிரைவ் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. நான்கு காந்தத் துருவங்கள் கொண்ட, அதாவது நான்கு போல் மோட்டாரில் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது மின்கோணம் இரண்டு சுற்று ஓடிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கோண வேகம் 314 ரேடியன்/நொடி. அதே மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 1500 ஆர்.பி.எம்., அதாவது 157 ரேடியன்/நொடி. இரண்டுக்கும் ஒரே ω என்ற எழுத்தைத்தான் போடுவார்கள். மின் பக்கத்து 314ஐ எடுத்து டார்க் கணக்கில் போட்டால் விடை பாதியாகும், விகிதம் 2 வரும். அதைப் பார்த்து ஆரமா விட்டமா என்று தேடுவது வீண். இங்கே அந்த 2, துருவ ஜோடிகளின் எண்ணிக்கை. ஆறு போல் மோட்டாரில் அது 3 ஆகும். இரண்டில் எது என்று தெரிய, அந்த எண்ணை 9.55ஆல் பெருக்கி நேம் பிளேட்டின் ஆர்.பி.எம்.மோடு ஒப்பிடுங்கள். 314 தருவது 3000. நேம் பிளேட்டில் இருப்பதோ 1440.